ஆறு வாரத்தில் 425 கடிதங்கள்

"சார், எல்லா மெயிலும் போயிருச்சுன்னுதான் காட்டுது. ஒருத்தர்கூடப் பதில் போடலையே" என்றார் கரூரிலிருந்து பேசிய இளைஞர்.

மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன் எல்லாம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் குடும்ப நிறுவனம் அது. அப்பா நெசவையும் தையலையும் பார்த்துக்கொள்கிறார், ஏற்றுமதிக் கடிதப் போக்குவரத்து முழுக்க மகன் கையில். புதிய வாங்குநர்களைத் தேட வேண்டும் என்று அவர் ஒரு புது டொமைன் வாங்கியிருக்கிறார். வாங்கிய மூன்றாம் நாள் மாலை, ஒரு மெயில் அனுப்பும் சேவையில் கணக்குத் தொடங்கி, கையில் இருந்த 1,900 முகவரிகளுக்கும் ஒரே மூச்சில் அறிமுகக் கடிதத்தை அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் திரையில் 'டெலிவர்டு' என்று ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் காட்டியது. 312 திரும்பி வந்திருந்தன. பதில் ஒன்றுகூட இல்லை.

நிறுவனங்களுக்கு மெயில் அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில் என்பதால் இந்த மாதிரி அழைப்பு எனக்கு மாதத்துக்கு ஒன்றாவது வரும். முதலில் நான் விளக்க வேண்டியிருப்பது 'டெலிவர்டு' என்ற அந்தச் சொல்லைத்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் கூரியர்காரர் கவரை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார் அல்லவா, அதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. எதிர்முனையில் இருக்கும் சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். மாடியில் இருப்பவர் கைக்குப் போனதா, கீழேயே ஓர் ஓரத்தில் போடப்பட்டதா என்பதை வாட்ச்மேன் அனுப்பியவருக்குச் சொல்வதில்லை. தம்பியின் 1,900 கடிதங்களில் வாங்கிக்கொள்ளப்பட்டவை பெரும்பாலும் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போயிருந்தன. எங்கள் இருவரின் சொந்த ஜிமெயிலுக்கும் அந்த டொமைனிலிருந்து ஒரு சாதாரண 'வணக்கம்' அனுப்பிப் பார்த்தோம். இரண்டும் ஸ்பேமில் விழுந்தன.

ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொள்ள, ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவரை மளிகைக் கடைக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துக்கொள்ளலாம். முதல் வாரமே வந்து இருபதாயிரத்துக்குப் பற்று எழுதச் சொன்னால் எழுதமாட்டார். அந்த ஆள் கெட்டவர் என்பதால் அல்ல, அவரைப் பற்றி நோட்டில் ஒரு வரியும் இல்லை என்பதால். மெயில் வடிகட்டிகளுக்கு இந்தச் சந்தேகம் இன்னும் கடுமையானது. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் டொமைனை மலிவாக வாங்கி, ஒரே நாளில் லட்சக்கணக்கில் அனுப்பிவிட்டு, பெயர் கெட்டதும் தூக்கிப்போட்டு அடுத்ததை வாங்குகிறார்கள். அதனால் நேற்றுப் பிறந்த டொமைன் என்பதே ஒரு அடையாளமாகிவிட்டது. ஸ்பேம்ஹவுஸ் என்ற அமைப்பு, புதிதாகக் கண்ணில் பட்ட டொமைன்களை முதல் 24 மணி நேரத்துக்கு மட்டும் வைத்திருக்கும் தனிப் பட்டியல் ஒன்றையே நடத்துகிறது. வயது குறைவு, அனுப்பும் எண்ணிக்கை திடீரென்று அதிகம், ஆறில் ஒரு பங்கு முகவரி இல்லாத முகவரி: மூன்றும் சேர்ந்தால் எந்த வடிகட்டியும் ஒரே முடிவுக்குத்தான் வரும். தம்பி நேர்மையான வியாபாரிதான். ஆனால் அன்று மாலை அவருடைய டொமைன் நடந்துகொண்ட விதம் ஸ்பேம்காரருடையது.

அந்த டொமைனை என்ன செய்வது என்று கேட்டார். ஆறு மாதம் அடக்கமாக நடந்தால் மீட்கலாம், ஆனால் வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத பெயருக்கு அந்த உழைப்பு வேண்டாம் என்றேன். விட்டுவிட்டோம். நல்ல வேளையாக அவர்களுடைய பழைய டொமைன், பதினைந்து வருடமாக இன்வாய்ஸும் ஷிப்பிங் ஆவணமும் போய்வருகிற டொமைன், இதில் சிக்கவில்லை. சிக்கியிருந்தால் இருக்கிற வாங்குநருக்கு அனுப்பும் பேக்கிங் லிஸ்டும் ஸ்பேமுக்குப் போயிருக்கும். சரக்கு துறைமுகத்தில் நிற்க, ஆவணம் குப்பைப் பெட்டியில் கிடப்பதை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

புதிய வாங்குநரைத் தேடும் கடிதங்களுக்குத் தனி டொமைன் வைத்துக்கொள்வது அதனால்தான். பழைய டொமைனுக்குக் கீழேயே ஒரு சப்டொமைன் உண்டாக்கினாலும் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் தனிப் பெயர் ஓரளவு உருவாகும், உண்மைதான். ஆனால் அது கெட்டால் தாய் டொமைனையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே இரண்டாம் முறையும் தனி டொமைனே வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் முழுதாகத் தெரியும்படி, பின்னால் 'ஹோம்' என்று மட்டும் சேர்த்து. எழுத்தை மாற்றியும் நடுவில் கோடு போட்டும் அசல் மாதிரியே தோன்றும் பெயர் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஏற்றுமதியாளர் பெயரில் போலி டொமைன் வாங்கி, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வாங்குநருக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அசலைப் போலவே இருக்கும் இன்னொரு டொமைனைக் கண்டால் வடிகட்டியும் சந்தேகப்படும், வாங்குநரும் சந்தேகப்படுவார். அதனால் புது டொமைனுக்குப் போனால் பழைய இணையதளமே திறக்கும்படி வைத்தோம். இருக்கிற வாங்குநர்கள் எல்லோருக்கும் பழைய முகவரியிலிருந்து ஒரு வரி எழுதினோம்: எங்களுக்கு இப்படி ஒரு புது டொமைன் இருக்கிறது, ஆனால் வங்கி விவரமும் இன்வாய்ஸும் எப்போதும் பழைய டொமைனிலிருந்து மட்டுமே வரும்.

அடுத்தது அடையாளப் பதிவுகள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பெயர்களைக் கேட்டாலே பலரும் அதைக் கணினிக்காரர் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு கடினமில்லை. ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கவரின் மேல், கடிதம் திரும்பினால் எங்கே போக வேண்டும் என்பதற்காக. இன்னொன்று உள்ளே லெட்டர்ஹெட்டில், படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது. கவரின் மேலுள்ள டொமைன், இந்த சர்வர் தன் பெயரில் அனுப்ப அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்ப்பது எஸ்பிஎஃப். கடிதம் வழியில் திருத்தப்படவில்லை, இன்ன டொமைன் முத்திரை வைத்தது என்று காட்டுவது டிகிம். இந்த இரண்டில் ஒன்றாவது லெட்டர்ஹெட்டில் உள்ள டொமைனோடு பொருந்துகிறதா என்று கேட்பது டிமார்க்.

முதல் முயற்சியில் எது சறுக்கியது என்பது இங்கேதான் தெரிந்தது. என் ஜிமெயிலில் விழுந்த கடிதத்தைத் திறந்து, வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, மூலக் கடிதத்தைக் காட்டு என்ற வசதியில் போய்ப் பார்த்தோம். டொமைன் பெயர்களை மட்டும் மாற்றி அந்த வரிகளை இங்கே தருகிறேன். `example.com` தம்பியின் டொமைன், `example.net` அனுப்பும் சேவையின் டொமைன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
spf=pass   smtp.mailfrom=bounce.example.net
dkim=pass  header.d=example.net
dmarc=fail header.from=example.com
```

"ரெண்டு பாஸ் ஆயிருக்கே சார்" என்றார் தம்பி. பாஸ் ஆனது சேவையின் பெயர். கவரும் அவர்களுடையது, முத்திரையும் அவர்களுடையது. லெட்டர்ஹெட் மட்டும் இவருடையது. சேவையின் பக்கம் அடையாளம் சரியாக இருக்கிறது, இவர் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. சேவைக்காரர்கள் தரும் டிகிம் பதிவைத் தன் டொமைனின் டிஎன்எஸ்ஸில் சேர்த்திருந்தால் இரண்டாம் வரியில் இவர் பெயர் வந்திருக்கும், மூன்றாம் வரி பாஸ் ஆகியிருக்கும். அவர் டிமார்க் பதிவை மட்டும் எங்கோ பார்த்துப் போட்டுவிட்டு, மற்றதை விட்டுவிட்டார்.

இரண்டாம் முறை மொத்தமாக அனுப்பும் சேவையே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். நாளுக்கு முப்பது கடிதம் அனுப்ப அது தேவையில்லை. கூகுளின் நிறுவன மெயிலில் அவர் பெயரில் ஒரே ஒரு மெயில்பாக்ஸ். டிஎன்எஸ்ஸில் போட்டவை இவைதான்:

```
example.com         TXT  v=spf1 include:_spf.google.com ~all
_dmarc.example.com  TXT  v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.com
```

டிகிம்முக்கு நிர்வாகப் பக்கத்தில் சாவியை உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் ஒட்டி, திரும்பி வந்து அதைத் தொடங்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கடைசிப் பொத்தானை மறப்பவர்கள் நிறைய. மறந்தால் கடிதம் போகும், ஆனால் முத்திரை `gappssmtp.com` என்று முடியும் கூகுளின் பெயரில் இருக்கும். பிறகு மறுபடி எனக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி அதே மூன்று வரிகளைப் பார்த்தோம். மூன்றிலும் அவருடைய டொமைன் இருந்தது, மூன்றும் பாஸ். இதற்கு ஒரு மாலை நேரம் ஆனது.

அடையாளம் சரியானால் நற்பெயர் வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஆதார் அட்டை காட்டினால் கடைக்காரர் உங்களை யார் என்று தெரிந்துகொள்வார், கடன் தரமாட்டார். நடத்தையை இனிமேல்தான் காட்ட வேண்டும். நடத்தை பெரும்பாலும் யாருக்கு எழுதுகிறோம் என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது.

1,900 முகவரிகளையும் அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்து பிரித்தோம். அதில் 1,350, ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கிய பட்டியல். ஐரோப்பிய ஜவுளி வாங்குநர்கள் என்று விற்றிருக்கிறார்கள். திரும்பி வந்த 312 கடிதங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் ஏறக்குறைய எல்லாமே இந்தப் பட்டியலிலிருந்துதான். வாங்கிய பட்டியலில் திரும்பி வருகிற முகவரியாவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். திரும்பாமல் வாங்கிக்கொள்கிற பொறி முகவரிகள்தான் ஆபத்து. எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத முகவரியை இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போட்டு வைப்பார்கள். இயந்திரம் வைத்து முகவரி பொறுக்குகிறவர்கள் மட்டுமே அதை எடுப்பார்கள். அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போனாலே, அனுப்பியவர் யாரையும் கேட்காமல் எழுதுகிறவர் என்று தெரிந்துவிடும். பழைய முகவரிகளை நீண்ட நாள் மூடி வைத்து, பிறகு பொறியாகத் திறந்து வைப்பதும் உண்டு. முகவரி சரிபார்க்கும் கருவிகள் இல்லாத முகவரியைக் கண்டுபிடிக்கும், பொறியைக் கண்டுபிடிப்பது நிச்சயமில்லை. 1,350-ஐயும் அழித்தோம். காசு கொடுத்தது என்று தம்பிக்கு மனமில்லை. அவர் அப்பாதான் அருகில் வந்து நின்று, "தூக்கிப் போடுறா, நமக்கு யாருன்னே தெரியாத ஆளு" என்றார்.

மீதி 550 நல்ல முகவரிகள். ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஜனவரிதோறும் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியில் ஸ்டாலுக்கு வந்தவர்கள் கொடுத்த விசிட்டிங் கார்டுகள் 310. பழைய மெயில்பெட்டியில் விலை கேட்டு எழுதிவிட்டு, பிறகு தொடர்பு விட்டுப்போனவர்கள் 240. கார்டுகளை மேஜைமேல் பரப்பித் திருப்பிப் பார்த்தோம். அப்பா ஸ்டாலில் நிற்கும்போதே பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்: 'ஆர்கானிக் துண்டு, 50-க்கு 70, விலை கேட்டார்', 'சாம்பிள் அனுப்பச் சொன்னார்', 'சும்மா வந்தார்'. எனக்கு அந்தக் கார்டுகளைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. எந்த மென்பொருளும் தராத தகவல் அது. ஜெர்மனியில் நிறுவனங்களுக்கு விளம்பர மெயில் அனுப்பவும் முன்சம்மதம் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் ஜெர்மன் கார்டுகளில் தாமாகவே சாம்பிளோ விலையோ அனுப்பச் சொன்னவர்களை மட்டும் வைத்துக்கொண்டோம். 'சும்மா வந்தார்' எல்லாம் போயிற்று. கார்டுகளில் 50-ஐயும், விசாரணைகளில் நிறுவனமே மூடப்பட்ட, ஆள் மாறிப்போன 75-ஐயும் கழித்தால் கையில் நின்றது 425.

இதற்குப் பிறகுதான் 'வார்ம்-அப்' என்று எல்லோரும் சொல்லும் வேலை. முதலில் டொமைனை இரண்டு வாரம் சும்மா விட்டோம். பிறகு முதல் இரண்டு வாரம் தெரிந்தவர்களுக்கு மட்டும் கடிதம். சாய வேலைக்காரர், தூத்துக்குடி ஷிப்பிங் ஏஜென்ட், அட்டைப்பெட்டி செய்து கொடுப்பவர், பழகிய வாங்குநர்கள் நான்கைந்து பேர். நாளுக்கு ஐந்தில் தொடங்கிப் பதினைந்து வரை. எல்லாம் நிஜமான வேலைக் கடிதங்கள், எல்லாவற்றுக்கும் பதில் வரும். பதில் வருவது, படித்துவிட்டு வைத்துக்கொள்வது, ஸ்பேமில் விழுந்ததை எடுத்து இன்பாக்ஸில் போடுவது, முகவரியைத் தொடர்பில் சேர்ப்பது, இவையெல்லாம் வடிகட்டி அந்த டொமைனைப் பற்றி எழுதிக்கொள்ளும் நல்ல வரிகள். அழிப்பதும், 'இது ஸ்பேம்' என்று அழுத்துவதும் கெட்ட வரிகள்.

மூன்றாம் வாரத்திலிருந்து புதியவர்கள். நாளுக்கு 10, வாரத்தில் ஐந்து நாள், ஆக 50. நான்காம் வாரம் நாளுக்கு 20, ஐந்தாம் வாரம் 25, ஆறாம் வாரம் 30. கூட்டினால் 50-உம் 100-உம் 125-உம் 150-உம் 425. இந்த எண்கள் கூகுளோ மைக்ரோசாஃப்டோ எழுதி வைத்த விதி இல்லை, தொழிலில் இருப்பவர்கள் அனுபவத்தில் கண்ட கை அளவு. முக்கியமானது வரிசை. யார் பதில் போடுவார் என்று உறுதியாகத் தெரியுமோ அவர்களை முதலில் வைத்தோம். சாம்பிள் கேட்ட கார்டுகள் மூன்றாம் வாரத்தில், விலை கேட்டவர்கள் நான்காம் வாரத்தில், பழைய விசாரணைகள் கடைசியில். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நல்ல முகவரிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பத்திரப்படுத்திவிட்டு, சந்தேகமானதை வைத்துச் சோதிக்கிறார்கள். டொமைனுக்கு முதலில் எழுதப்படும் வரிகளே கெட்ட வரிகளாகிவிடுகின்றன. பிறகு நல்ல முகவரிக்கு எழுதும்போது கடிதம் ஸ்பேமில் இருக்கும்.

கடிதத்தையும் மாற்றினோம். முதல் முறை அனுப்பியதில் நிறுவன லோகோ, நான்கு படம், எட்டு எம்பி கேட்லாக், ஐந்து இணைப்பு, கூடவே திறந்தார்களா என்று உளவு பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத படம். இரண்டாம் முறை ஆறு வரி, வெறும் எழுத்து. ஜனவரியில் எங்கள் ஸ்டாலில் நின்று ஆர்கானிக் துண்டு பற்றிக் கேட்டீர்கள், அப்பாவிடம் பேசினீர்கள், அதே அளவில் இப்போது புது நெசவு ஒன்று வந்திருக்கிறது, சாம்பிள் அனுப்பட்டுமா? கீழே பெயர், முழு முகவரி, வேண்டாம் என்று ஒரு சொல் எழுதினால் இனி எழுத மாட்டோம் என்ற வரி. கேட்லாக் பதில் வந்த பிறகு. கடிதத்தில் உள்ள இணைப்புகளின் டொமைனையும் வடிகட்டிகள் தனியாகச் சோதிக்கும் என்பதால் முதல் கடிதத்தில் இணைப்பே இல்லை. உளவுப் படத்தை விட்டதில் நஷ்டமும் இல்லை. 2021-ல் ஆப்பிள் தன் மெயிலில் படங்களைத் தானாகவே முன்கூட்டி இறக்கிவைக்க ஆரம்பித்ததிலிருந்து, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்ப முடியாது.

சரி, நன்றாகப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய அளவில் அனுப்புபவர்களுக்கு கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இருக்கிறது. எத்தனை சதவீதம் பேர் ஸ்பேம் என்று அழுத்தினார்கள் என்பதைக் காட்டும். 0.1 சதவீதத்துக்குள் வைத்திருங்கள், 0.3-ஐ ஒருபோதும் தொடாதீர்கள் என்பது கூகுள் சொல்லும் வரம்பு. நாளுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கினார்கள். அவுட்லுக் டாட் காம் 2025 மே மாதம் அதே பாதைக்கு வந்தது. ஆனால் நாளுக்கு முப்பது கடிதம் அனுப்பும் கரூர்க்காரருக்குப் போஸ்ட்மாஸ்டர் பக்கத்தைத் திறந்தால் ஒன்றும் தெரியாது. அவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு அது கணக்குக் காட்டுவதில்லை. அதே சமயம் சதவீதக் கணக்கு அவருக்கு இரக்கமில்லாதது. ஆயிரம் கடிதத்துக்கு மூன்று புகார் என்பது 0.3 சதவீதம். அவருடைய நூறு கடிதத்தில் ஒரே ஒருவர் கோபத்தில் அந்தப் பொத்தானை அழுத்தினாலே ஒரு சதவீதம். சிறியவருக்குத் தவறு செய்ய இடம் குறைவு.

ஆகவே அவரிடம் இருந்தவை மூன்று அறிகுறிகள். பதில்கள், திரும்பி வரும் கடிதங்கள், வெவ்வேறு மெயில் சேவைகளில் இருக்கும் நண்பர்களின் ஆறு முகவரிகள். அந்த ஆறு பேருக்கும் திங்கள்தோறும் ஒரு சாதாரணக் கடிதம் அனுப்பி, எந்தப் பெட்டியில் விழுந்தது என்று வாட்ஸப்பில் கேட்டுக்கொள்வார். திரும்பி வரும் கடிதத்தில் எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். நான்கில் தொடங்கினால், உதாரணத்துக்கு `421`, இப்போது முடியாது, பிறகு வா என்று பொருள். சர்வரே மறுபடி முயலும். ஆனால் இது அடிக்கடி வந்தால் வேகம் அதிகம் என்று சொல்கிறார்கள், எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். ஐந்தில் தொடங்கினால் முடிவான மறுப்பு. `550 5.1.1` என்றால் அப்படி ஒரு ஆள் இல்லை, முகவரியை அன்றே நீக்க வேண்டும். `5.7` என்று வந்தால் முகவரியில் குறை இல்லை, நம் மேல்தான் அவர்களுக்குச் சந்தேகம். அது வந்த நாளில் புதியவர்களுக்கு எழுதுவதை நிறுத்திவிட வேண்டும்.

நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை தம்பியின் குரல் பதற்றமாக வந்தது. அன்று அனுப்பிய 20-ல் 4 திரும்பிவிட்டன, நான்கும் `5.1.1`. நிறுத்தச் சொன்னேன். கார்டுகளை எடுத்துப் பார்த்தால் நான்கும் 2019 கண்காட்சியில் வாங்கியவை. இடையில் கோவிட் வந்து போயிருக்கிறது, வேலை மாறியவர்கள் எத்தனையோ பேர். அந்த வருடக் கார்டுகள் இன்னும் 30 பாக்கியிருந்தன. நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்தும், தொலைபேசியில் கேட்டும், அந்த ஆள் இன்னும் இருக்கிறாரா என்று ஒவ்வொன்றாக உறுதி செய்தார். இல்லாத இடத்தில் இப்போது யார் வாங்குநர் என்று கேட்டு அவர் முகவரியை எழுதிக்கொண்டார். புதன், வியாழன், வெள்ளி புதியவர்களுக்கு எதுவும் போகவில்லை, தெரிந்தவர்களுக்கான வழக்கமான கடிதங்கள் மட்டும். அடுத்த திங்கள் நண்பர்கள் ஆறு பேரில் ஆறு பேரும் இன்பாக்ஸ் என்று சொன்ன பிறகு மறுபடி நாளுக்கு 10-இல் தொடங்கினார். இதனால் நான்கு வாரக் கணக்கு கிட்டத்தட்ட ஆறு வாரமாக நீண்டது.

இந்த இடைவெளியில் அவருடைய நண்பர் ஒருவர் வேறு ஆலோசனை சொல்லியிருக்கிறார். மாதச் சந்தா கட்டினால் தானாகவே வார்ம்-அப் செய்து தரும் சேவைகள் இருக்கின்றன, ஆயிரக்கணக்கான மெயில்பாக்ஸ்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதி, பதில் போட்டு, ஸ்பேமிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2023-ல் கூகுள் இப்படிப்பட்ட ஒரு சேவையை நிறுத்தச் சொன்னது. அந்த இயந்திரப் பதில்களில் தம்பிக்கு எழுத வேண்டிய ஒரு வாங்குநர்கூட இல்லை. சந்தாவை நிறுத்திய மறுநாள் அந்த உரையாடல் முழுதும் நின்றுபோகும், நிஜக் கடிதங்கள் தனியாக நிற்கும். ஷிப்பிங் ஏஜென்ட்டுக்கு எழுதும் பத்துக் கடிதம் அந்த ஆயிரத்தைவிட மேல்.

முடிந்தபோது 425-ல் திரும்பி வந்தவை 9. பதில் போட்டவர்கள் 61 பேர், அதில் 5 பேர் வேண்டாம் என்று எழுதினார்கள், அவர்கள் பெயரைத் தனித் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். சாம்பிள் கேட்டவர்கள் 17. டிமார்க் அறிக்கைகளில் அவருடைய டொமைன் பெயரில் வேறு யாரும் அனுப்பவில்லை என்று உறுதியானதும் `p=none` என்பதை `p=quarantine` என்று மாற்றினோம். இனி வேறு யாராவது அந்தப் பெயரில் எழுதினால் அது ஸ்பேமுக்குப் போகும்.

டொமைனை இப்போதும் சும்மா விடவில்லை. பல மாதம் எதுவும் அனுப்பாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கடிதம் போனால் வடிகட்டிக்கு அது மறுபடி புதிய ஆள் மாதிரிதான். சாம்பிள் பேச்சுகள் அந்த முகவரியிலேயே நடக்கின்றன, நாளுக்கு ஏழெட்டுக் கடிதம் போய்வருகிறது. ஜனவரிக் கண்காட்சிக்கு அழைப்பு அனுப்ப வேண்டும் என்று தம்பி கேட்டபோது, நவம்பர் முதல் வாரத்திலேயே நாளுக்கு பத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஸ்டாலில் வாங்கும் கார்டுகளின் பின்பக்கம் பென்சிலால் தேதியையும் எழுதுவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.